‘ஹூ கேம்’ சரி என்றால் ‘வேர் வென்ட் யூ’ ஏன் தவறு?

கேள்வி: “வேலூர் காந்தி ரோடு பக்கம் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை. கல்கத்தா, அசாம் ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து தங்குவார்கள், இங்கிலீஷில்தான் பேச வேண்டும். ஒருத்தரிடம் ‘ஹூ டிட் கேம் வித் யூ’ என்று கேட்டேன். ‘ஹூ கேம்’ என்றுதான் சொல்ல வேண்டும், டிட் வரக்கூடாது என்று திருத்தினார். மறுநாள் டிட் போடாமல் ‘வேர் வென்ட் யூ’ என்றேன், அதுவும் தப்பாம். டூ, டஸ், டிட் எங்கே போடுவது, எங்கே விடுவது?”

நீங்கள் சொன்ன இரண்டு வாக்கியங்களும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருப்பதால் பதில் சொல்வது எனக்கு எளிதாகிறது. டூ, டஸ், டிட் மூன்றுக்கும் எது எந்தக் காலம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. சிக்கல் அதில் இல்லை. ஒரு கேள்வியில் டிட் கட்டாயம் வேண்டியிருக்கிறது, இன்னொன்றில் அதே டிட் வந்தால் தவறாகிறது, இந்த வித்தியாசம் எதனால் என்பதுதான் பிடிபடவில்லை. சத்துவாச்சாரியில் 20 வருஷத்துக்கு மேலாக மாலை நேரத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறேன். லேப் டெக்னீஷியன்கள், மருந்துக்கடைப் பையன்கள், ராணிப்பேட்டை தோல் கம்பெனி ஆட்கள், உங்களைப் போன்ற லாட்ஜ் ஊழியர்கள் என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள். படிக்காதவர்கள் என்றில்லை, எம்.எஸ்சி. முடித்தவர்களும் நிற்கிறார்கள். காரணம் தமிழ் கேள்வி கேட்கும் முறை. அதனால் தமிழிலிருந்தே தொடங்குகிறேன்.

தமிழில் ‘வந்தீங்க’ என்பதைக் கேள்வியாக்கக் கடைசியில் ஒரு ஆ போதும், ‘வந்தீங்களா’ ஆகிவிடும். சொற்கள் எதுவும் இடம் மாறவில்லை, வினைச்சொல் தன் காலத்தையும் இழக்கவில்லை. ‘வந்த்’ என்ற இறந்தகாலம் உள்ளேயே பத்திரமாக இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த ஆ கிடையாது. கேள்வி என்று காட்ட அது இரண்டு சொற்களை இடம் மாற்றுகிறது. ‘யூ ஆர் ரெடி’ என்பதில் யூவும் ஆரும் இடம் மாறினால் ‘ஆர் யூ ரெடி’. ‘ஹீ கேன் வாக்’ என்பதில் ஹீயும் கேனும் மாறினால் ‘கேன் ஹீ வாக்’. இப்படி முன்னால் வரத் தெரிந்தவை சில சொற்கள் மட்டும்தான்: ஆம், இஸ், ஆர், வாஸ், வெர் ஆகியவை, கேன், வில், ஷுட் போன்றவை, ‘ஹேவ் யூ ஈட்டன்’ என்பதில் வருகிற ஹேவ். பள்ளியில் இவற்றைத் துணைவினை என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். வாக்கியத்தில் இவற்றில் ஒன்று ஏற்கெனவே இருந்தால் அதுவே முன்னால் போகும், டூ வகையறாவுக்கு அங்கே வேலை இல்லை. ‘டூ யூ கேன் வாக்’ என்பதும் ‘டிட் யூ ஆர் ரெடி’ என்பதும் அதனால்தான் தவறு.

சிக்கல் துணைவினை இல்லாத வாக்கியத்தில் வருகிறது. ‘யூ வென்ட் தேர்’ என்பதில் வென்ட் சாதாரண வினை, அதற்கு முன்னால் போகும் உரிமை இல்லை. அப்போது ஆங்கிலம் டூ என்ற சொல்லைக் கூலிக்கு ஆள் பிடிப்பதுபோலக் கொண்டுவருகிறது. வருகிற ஆள் சும்மா வருவதில்லை, வினைச்சொல்லிடம் இருந்த காலத்தையும் தன் கையில் வாங்கிக்கொள்கிறது. வென்ட் என்பதைப் பிரித்துப் பார்த்தால் டிட் கூட்டல் கோ. வொர்க்ஸ் என்பதைப் பிரித்தால் டஸ் கூட்டல் வொர்க். டிட் வெளியே வந்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் கோ. அதனால் ‘டிட் யூ கோ’. எஸ் வெளியே போய் டஸில் ஒட்டிக்கொண்டால் மிச்சம் வெறும் வொர்க். அதனால் ‘டஸ் ஷீ வொர்க் ஹியர்’. ‘டிட் யூ வென்ட்’ என்றால் இறந்தகாலத்தை இரண்டு முறை சொன்னதாகிறது, ‘டஸ் ஷீ வொர்க்ஸ்’ என்றால் எஸ் இரண்டு முறை. நம் வாய்க்கு இது ஏன் தவறாகத் தெரிவதில்லை என்றால், ‘போனீங்களா’ என்பதில் இறந்தகாலம் வினைக்குள்ளேயே இருந்து பழகிவிட்டது. அதை வினையிலிருந்து எடுத்து வெளியே வைப்பது நமக்குப் புதுப் பழக்கம்.

உங்கள் ‘வேர் வென்ட் யூ’வுக்கு இப்போது காரணம் தெரியும். சொற்கள் இடம் மாற வேண்டும் என்பதை நீங்கள் சரியாகவே உணர்ந்தீர்கள், ஆனால் மாற உரிமை இல்லாத வினையை மாற்றிவிட்டீர்கள். ஒரு காலத்தில் இது தவறாகவும் இருந்ததில்லை. சுமார் 500 வருஷத்துக்கு முன்னால் ஆங்கிலேயர்கள் ‘வென்ட் யூ’ என்றும் கேட்டார்கள், ‘டிட் யூ கோ’ என்றும் கேட்டார்கள். அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் டூ போடும் வழக்கம் மெல்ல மெல்ல வென்றது. இஸ், கேன், வில் போன்றவை மட்டும் பழைய முறையிலேயே தங்கிவிட்டன. அதனால்தான் ஒரே மொழியில் இரண்டு முறைகள் இருப்பதுபோல நமக்குத் தோன்றுகிறது.

சரி, ‘ஹூ கேம் வித் யூ’ என்பதில் ஏன் டிட் வரவில்லை? மேலே சொன்னதைத் திரும்பப் பாருங்கள். டிட் வந்ததே இடம் மாற்றுவதற்காக. ஆங்கில வாக்கியத்தில் செய்கிறவர் முதலில், வினை அடுத்து. ‘மை பிரதர் கேம் வித் மீ’ என்று அவர் சொல்லப் போகிறார். அதில் ‘மை பிரதர்’ இருக்கும் இடம்தான் உங்களுக்குத் தெரியாத இடம். அங்கே ஹூவை வைத்தீர்கள். ஹூ கேள்விச் சொல், கேள்விச் சொல் வாக்கியத்தின் தொடக்கத்தில் இருக்க வேண்டும், அது ஏற்கெனவே அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. எதுவும் நகரவில்லை. எதுவும் நகராததால் கூலி ஆள் தேவைப்படவில்லை. கூலி ஆள் வராததால் காலம் வினையிலேயே இருந்துவிட்டது. அதனால் ‘ஹூ கேம்’, கம் இல்லை, கேம்தான். ‘வேர் டிட் யூ கோ’வில் வேர் என்பது செய்கிறவர் இல்லை, யூதான் செய்கிறவர். யூவைத் தாண்டி ஒன்று முன்னால் வர வேண்டும், அதற்காக டிட்.

இதை வகுப்பில் ‘எழுவாய்க் கேள்வி’ என்று சொல்லிப் பார்த்தேன், எழுதி வைத்துக்கொண்டார்கள், பேசும்போது வரவில்லை. கவுன்டரில் நின்றுகொண்டு யாரும் எழுவாய் தேட முடியாது. சில வருஷம் கழித்துத் தமிழே நமக்கு ஒரு குறிப்பு வைத்திருப்பதைக் கவனித்தேன். தமிழ் வினைச்சொல்லின் வால், அதாவது விகுதி, யார் செய்தது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். ‘சாப்பிட்டீங்க’ என்றால் நீங்க. ‘சாப்பிட்டாரு’ என்றால் அவர். ‘ஆச்சு’ என்றால் அது. நீங்கள் கேட்க நினைக்கும் கேள்வி மனதில் தமிழில்தான் முதலில் வரும். அந்தத் தமிழ்க் கேள்வியின் வாலைப் பாருங்கள். வால் கேள்விச் சொல்லையே காட்டினால் டூ வகையறா வேண்டாம். வேறு யாரையாவது காட்டினால் வேண்டும்.

‘யாரு வந்தாங்க?’ இதில் ‘ஆங்க’ என்ற வால் யாரைக் காட்டுகிறது? யாரு என்பதையேதான். ஆகவே ‘ஹூ கேம்?’ ‘யாரைப் பாத்தீங்க?’ இதில் ‘ஈங்க’ என்ற வால் நீங்க என்பதைக் காட்டுகிறது, யாரை என்பதை அல்ல. ஆகவே ‘ஹூ டிட் யூ சீ?’ ‘இன்னா ஆச்சு?’ இதில் ஆச்சு என்பது இன்னாவுக்கே உரியது. ஆகவே ‘வாட் ஹேப்பன்ட்?’ ‘டாக்டர் இன்னா சொன்னாரு?’ இதில் ‘ஆரு’ டாக்டருடையது. ஆகவே ‘வாட் டிட் தி டாக்டர் சே?’ இந்தக் கடைசிக் கேள்வியை நம் ஊரில் ‘வாட் டாக்டர் செட்?’ என்று கேட்பதைத் தினமும் காதால் கேட்கிறேன். தமிழ் வரிசையில் டாக்டரும் இன்னாவும் அடுத்தடுத்து இருப்பதால் அப்படியே விழுகிறது. வாலைப் பார்த்தால் விழாது.

இந்த வித்தியாசம் வெறும் இலக்கண நயம் அல்ல, பொருளே தலைகீழாகும் இடங்கள் உண்டு. ‘ஹூ கால்ட் யூ?’ என்றால் உங்களுக்கு யாரு போன் பண்ணாங்க. ‘ஹூ டிட் யூ கால்?’ என்றால் நீங்க யாருக்குப் போன் பண்ணீங்க. ‘விச் டாக்டர் ஸா யூ?’ என்றால் எந்த டாக்டர் உங்களைப் பாத்தாரு. ‘விச் டாக்டர் டிட் யூ சீ?’ என்றால் எந்த டாக்டரைப் பாத்தீங்க. டாக்டர் விஷயத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். போன் விஷயத்தில் ஆகாது. ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்ததா, இவர் ஆஸ்பத்திரிக்கு அழைத்தாரா என்பது வேறு வேறு.

இந்தக் கேள்விக்கு வரக்கூடிய பதிலையும் நினைத்துப் பாருங்கள். ‘ஹூ கேம் வித் யூ?’ என்ற கேள்விக்கு ‘மை பிரதர் டிட்’ என்று பதில் வரும். டிட் இல்லாத கேள்விக்கு டிட் உள்ள பதில். இதைக் கேட்டுக் கேட்டுத்தான் பலர் கேள்வியிலும் டிட் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பதிலில் வருகிற டிட் ‘கேம் வித் மீ’ என்பதைத் திரும்பச் சொல்லாமல் இருக்க வைத்த சுருக்கம். கேள்விக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வால் பார்க்கும் முறை எல்லா இடத்திலும் கைகொடுக்கும் என்று சொல்லமாட்டேன். நான் கண்டவரை மூன்று இடங்களில் ஏமாற்றும், அவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, ‘க்கு’ போட்டுப் பேசும் வினைகள்: தெரியும், வேணும், பிடிக்கும், புரியுது, ‘இருக்கு’ என்பதில் உடைமைப் பொருள். ‘உங்களுக்கு இன்னா வேணும்?’ என்பதில் வேணும் என்ற சொல் நீங்க என்பதைக் காட்டுவதே இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் வேண்டுகிறவர்தான் எழுவாய், ஆகவே ‘வாட் டூ யூ வான்ட்?’ அதேபோல ‘யாருக்குக் காய்ச்சல் இருக்கு?’ என்பதில் யாருக்கு என்று க்கு இருந்தாலும் ஆங்கிலத்தில் அவரே எழுவாய், ஆகவே டஸ் இல்லாமல் ‘ஹூ ஹேஸ் ஃபீவர்?’ இந்த வினைகள் வரும்போது வாலை விட்டுவிட்டு க்கு எதில் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். கேள்விச் சொல்லில் ஒட்டியிருந்தால் டூ வேண்டாம், நீங்க, அவரு என்று வேறு ஒருவரிடம் ஒட்டியிருந்தால் வேண்டும்.

இதோடு சேர்ந்து வருகிற ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். ‘ரிப்போர்ட் இருக்கா?’ என்று கேட்க ‘ஆர் யூ ஹேவ் ரிப்போர்ட்?’ என்பார்கள். இருக்கு என்றாலே இஸ், ஆர் என்று மனதில் பதிந்திருப்பதாலும், முதலில் மனப்பாடம் செய்த கேள்வி ‘ஹவ் ஆர் யூ’ என்பதாலும் ஆர் முன்னால் ஓடி வருகிறது. ஹேவ் இங்கே சாதாரண வினை, கையில் வைத்திருத்தல். ஆகவே ‘டூ யூ ஹேவ் தி ரிப்போர்ட்?’ ஆர் வந்தால் பின்னால் இங் வினையோ, ரெடி போன்ற ஒரு குணச் சொல்லோ, ஒரு பெயரோ, இடமோதான் பெரும்பாலும் வரும். வெறும் வினை வரக்கூடாது.

இரண்டாவது, வலி. ‘எங்க வலிக்குது?’ என்ற கேள்வியில் வலிக்கிறது எது என்று தமிழ் சொல்வதே இல்லை. ஆங்கிலம் அந்த இடத்தைக் காலியாக விடாது, இட் என்று ஒன்றை வைக்கும். ‘வேர் டஸ் இட் ஹர்ட்?’ லாட்ஜில் இரவு 2 மணிக்கு ஒரு நோயாளியின் அறைக்கு ஓட வேண்டி வந்தால் இந்த ஒரு கேள்வி உங்களுக்குத் தேவைப்படும், முழுதாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ‘வேர் பெயின்?’ என்றாலும் புரிந்துகொள்வார்கள், அவசரத்தில் அதுவே போதும். நிதானமாகப் பேசும் நேரத்தில் முழுக் கேள்வி.

மூன்றாவது, எத்தனை பேர். ‘எத்தனை பேர் வந்தாங்க?’ என்றால் வால் எத்தனை பேரைக் காட்டுகிறது, ‘ஹவ் மெனி பீப்பிள் கேம்?’ சரி. ஆனால் எதிரில் நிற்பவரிடம் ‘எத்தனை பேர் வந்தீங்க?’ என்றுதான் நாம் கேட்போம். வால் நீங்க என்று காட்டுகிறது. அதை நம்பி ‘ஹவ் மெனி பீப்பிள் டிட் யூ கம்?’ என்று கேட்டுவிடுவார்கள், அது தவறு. இங்கே நீங்களும் எத்தனை பேரும் வேறு வேறு ஆட்கள் அல்ல, அதே கூட்டம். ஆகவே டிட் இல்லை: ‘ஹவ் மெனி ஆஃப் யூ கேம்?’ இதற்கு மாறாக ‘எத்தனை நாள் தங்குனீங்க?’ என்பதில் நாள் வேறு, நீங்க வேறு, ஆகவே ‘ஹவ் மெனி டேஸ் டிட் யூ ஸ்டே?’

இப்போது உங்கள் கவுன்டரையே எடுத்துக்கொள்வோம். ஒரு வங்காளத்துப் பெரியவர் பையோடு வருகிறார், கூட இருவர். உங்கள் மனதில் ஓடும் தமிழ் இப்படி இருக்கும். ‘எப்ப வந்தீங்க?’ வால் நீங்க, துணைவினை எதுவும் இல்லை, இறந்தகாலம், ஆகவே ‘வென் டிட் யூ கம்?’ ‘காட்பாடியில இறங்குனீங்களா?’ கேள்விச் சொல்லே இல்லை, ஆம் இல்லை என்று பதில் வரும் கேள்வி. அதில் எழுவாயைத் தாண்டித்தான் ஒன்று முன்னால் வர வேண்டும், ஆகவே துணைவினை இல்லாத இறந்தகாலத்தில் எப்போதும் டிட்: ‘டிட் யூ கெட் ஆஃப் அட் காட்பாடி?’ ‘யாரு உங்களுக்கு இந்த லாட்ஜைச் சொன்னாங்க?’ வால் யாருவுக்கே, ஆகவே ‘ஹூ டோல்ட் யூ அபவுட் திஸ் லாட்ஜ்?’ இதில் டெல் இல்லை, டோல்ட், காலத்தை வாங்கிக்கொள்ள வேறு ஆள் இல்லை. ‘யாருக்கு ட்ரீட்மென்ட்?’ இதில் தமிழில் வினையே இல்லை. வினை இல்லாத தமிழ்க் கேள்விக்கு ஆங்கிலத்தில் பெரும்பாலும் இஸ், ஆர்தான்: ‘ஹூ இஸ் தி பேஷன்ட்?’ ‘அவங்களால படி ஏற முடியுமா?’ முடியும் என்றால் கேன், அது துணைவினை, ஆகவே ‘கேன் ஷீ கிளைம் தி ஸ்டெப்ஸ்?’ ‘அவங்க மாத்திரை சாப்பிடுறாங்களா?’ தினமும் நடப்பது, ஒருவர், ஆகவே ‘டஸ் ஷீ டேக் டேப்லெட்ஸ்?’ ‘எத்தனை நாள் தங்கப் போறீங்க?’ போறீங்க என்பது இனி நடப்பது, ‘ஹவ் மெனி டேஸ் வில் யூ ஸ்டே?’ வில் இருப்பதால் டூ இல்லை.

ஏழு கேள்விகளில் டிட் இரண்டு, டஸ் ஒன்று, மற்ற நான்கில் எதுவும் இல்லை. அந்த நான்கிலும் மூன்றில் இஸ், கேன், வில் என்று துணைவினை ஏற்கெனவே இருப்பதால் இல்லை. ஒன்றில் மட்டும்தான், ஹூ டோல்ட் யூ என்பதில், எதுவும் நகராததால் இல்லை. இந்த இரண்டு காரணங்களையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஹூவுக்குப் பின் நிகழ்காலம் வந்தால் ஒரு எஸ் வரும். ‘இங்க யாரு வேலை செய்றாங்க?’ என்பதில் தமிழ் வால் பன்மைபோல ‘ஆங்க’ என்று இருப்பதால் ‘ஹூ வொர்க் ஹியர்’ என்று சொல்லிவிடுகிறோம். எத்தனை பேர் என்று தெரியாதபோது ஹூவை ஒருமையாகவே வைத்து ‘ஹூ வொர்க்ஸ் ஹியர்’ என்பார்கள். ஹூ கேள்வியில் இல்லை என்ற பொருள் வந்தால் மட்டும் டூ திரும்ப வந்துவிடும். ‘யாரு கையெழுத்துப் போடலை?’ என்பதற்கு ‘ஹூ டிட்ன்ட் சைன்?’ என்றுதான் சொல்ல வேண்டும், நாட் தனியாக நிற்க முடியாததால் ஒரு தாங்கி வேண்டும். சைன்ட் இல்லை, சைன், காலத்தை டிட் எடுத்துக்கொண்டது.

‘ஹூ டிட் கம்’ என்று ஆங்கிலேயர் சொல்லிக் கேட்டிருக்கிறேனே என்று சிலர் கேட்பார்கள். கேட்டிருக்கலாம். பத்துப் பேர் வருவதாகச் சொல்லிப் பலர் வராத ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசும்போது, ‘சரி, வந்ததுதான் யாரு?’ என்ற அழுத்தத்தில் டிட் மேல் குரலை ஏற்றி ‘ஹூ டிட் கம்?’ என்பார்கள். அதிலும் கம்தான், கேம் இல்லை. கவுன்டரில் உங்களுக்கு அந்த அழுத்தம் தேவைப்படாது. ‘ஹூ டிட் கேம்’ என்பது எந்தச் சூழலிலும் சரியாகாது.

பேச்சில் மட்டும் வரும் ஒரு காரியம் உண்டு. டூவும் டிட்டும் வேகமாகப் பேசும்போது நசுங்கிவிடும். ‘வேர் டிட் யூ கோ’ என்பது ‘வேர்ஜு கோ’ என்று காதில் விழும், ‘டூ யூ’ என்பது ‘ஜு’ என்று சுருங்கும். படங்களிலும் செய்தியிலும் கேட்டுப் பழகியவர்கள் அங்கே டிட் இருப்பதையே கவனிப்பதில்லை, ‘வேர் யூ கோ’ என்று தாங்களும் சொல்லத் தொடங்குகிறார்கள். ‘நீங்கள் சொல்லும்போது டிட்டை மென்மையாகச் சொல்லலாம், ஆனால் விட்டுவிடக்கூடாது’ என்று வகுப்பில் சொல்வேன்.

அதேநேரம் டிட் இல்லாமல் குரலை மட்டும் ஏற்றிக் கேட்பதும் பேச்சில் உண்டு, அதைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். ‘யூ கேம் யெஸ்டர்டே?’ என்பது, ‘ஓ, நேத்தே வந்துட்டீங்களா?’ என்று கேட்டதை உறுதி செய்துகொள்ளும் இடத்தில் சரியாகப் பொருந்தும். அவர் ‘ஐ கேம் யெஸ்டர்டே’ என்று சொன்ன பிறகு நீங்கள் அப்படிக் கேட்கலாம். முதல் கேள்வியாகக் கேட்டால் விசாரணைபோலத் தொனிக்கும். வேர், வென் போன்ற சொற்களோடு இந்தச் சலுகை கிடையாது.

மூத்தவர்கள், நோயாளிகள் என்று பணிவாகக் கேட்க நினைத்து ‘கேன் யூ டெல் மீ’ என்று தொடங்குவீர்கள். அங்கே டூ மறுபடி காணாமல் போகிறது. ‘கேன் யூ டெல் மீ வேர் டிட் யூ ஸ்டே’ என்று நம் ஊரில் சாதாரணமாகச் சொல்கிறோம், இந்தியாவில் எல்லோரும் புரிந்துகொள்வார்கள். இலக்கணப்படி கேள்வி ‘கேன் யூ’விலேயே முடிந்துவிட்டது, பின்னால் இருப்பது தகவல். ஆகவே ‘கேன் யூ டெல் மீ வேர் யூ ஸ்டேய்ட்’. இதைத் திருத்திக்கொள்வதற்கு அவசரம் வேண்டாம். முதலில் நேர்க்கேள்வி கைக்கு வரட்டும்.

எதிர்மறைக் கேள்வியில் மட்டும் உங்கள் வேலையில் கவனமாக இருங்கள். ‘டிட்ன்ட் ஷீ ஈட்?’ என்று கேட்டால், சாப்பிடவில்லை என்பதை நாம் தமிழில் ‘ஆமாங்க, சாப்பிடலை’ என்று சொல்லிப் பழகியதால் ‘யெஸ்’ என்போம். ஆங்கில வழக்கில் சாப்பிடவில்லை என்றால் ‘நோ’தான். எதிரில் இருப்பவர் எந்தப் பழக்கத்தில் பதில் சொல்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. காலையில் ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் போக வேண்டியவரிடம் இந்தக் குழப்பம் கூடாது. ‘டிட் ஷீ ஈட்?’ என்று நேராகக் கேளுங்கள், பதில் சந்தேகமாக இருந்தால் ‘வென் டிட் ஷீ ஈட்?’ என்று நேரத்தைக் கேளுங்கள்.

இன்னும் இரண்டு இடங்களில் ஆளுக்கொரு விதமாகத் திருத்துவார்கள், அதற்காகத் தடுமாற வேண்டாம். ‘சாப்பிட்டாச்சா?’ என்பதற்கு ‘ஹேவ் யூ ஈட்டன்?’ என்பதும் ‘டிட் யூ ஈட்?’ என்பதும் வழக்கில் இருக்கின்றன. இங்கிலாந்தில் முதலாவது அதிகம், அமெரிக்காவில் இரண்டாவது தாராளம். ‘ஹூ டிட் யூ சீ’ என்பதை ‘ஹூம் டிட் யூ சீ’ என்று மாற்றச் சொன்னால், எழுத்தில் ஹூம் மரியாதையாக இருக்கும், பேச்சில் ஹூதான் இயல்பு. இரண்டிலும் டிட் இருக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

பழகுவதற்கு நான் என் மாணவர்களுக்குச் சொல்லும் வேலை ஒன்றே. ஒரு நாளில் கவுன்டரில் நீங்கள் கேட்கும் கேள்விகள் 15, 20க்கு மேல் போகாது, அவையேதான் திரும்பத் திரும்ப வரும். அவற்றைத் தமிழில், பேசுகிறபடியே, ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் வாலுக்கும் கீழே கோடு போட்டு, அது யாரைக் காட்டுகிறது என்று பக்கத்தில் எழுதுங்கள். க்கு உள்ளவற்றைத் தனியாகச் சுழித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆங்கிலத்தை எழுதி, டிட் அல்லது டஸ் வந்த இடத்தில் வினை வெறும் வினையாக நிற்கிறதா என்று மட்டும் ஒரு முறை பாருங்கள். ‘யாரு கூட வந்தாங்க’ என்பதை முதல் வரியாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு உங்களிடம் பதில் ஏற்கெனவே இருக்கிறது.